கிளைக்குக் கூட்டுவிலையில் சரக்கு: ஐந்து வருட அனுபவம்

நான் கணக்கெழுதும் பாத்திரக்கடைக்கு சிங்கப்பூரில் இரண்டு கிளைகள். கொள்முதல் எல்லாம் பெரும்பாலும் சிராங்கூன் சாலைக் கடையில். அங்கிருந்து ஜூரோங் கிளைக்கு லாரியில் சரக்கு போகும். 2020 முதல் அடக்கவிலையோடு 25 சதவீதம் கூட்டி அனுப்புகிறோம். ஜூரோங் கவுண்டரில் நிற்பவருக்கு அடக்கவிலை தெரிந்தால் அதை மனதில் வைத்துத் தள்ளுபடி கொடுத்துவிடுவார் என்பது முதலாளியின் கணக்கு. அந்த விஷயத்தில் இந்த முறை ஏமாற்றவில்லை. எங்களைப் படுத்தியதெல்லாம் டிசம்பர் 31-தான்.

ஓர் இட்லிப் பானையைப் பாருங்கள். அடக்கம் 40 வெள்ளி, ஜூரோங்குக்கு 50 வெள்ளிக்குப் போகிறது. வருடக் கடைசியில் அது விற்காமல் அலமாரியிலேயே இருந்தால், அந்த 50-இல் 10 வெள்ளி யாரும் நமக்குக் கொடுக்காத காசு. கம்பெனி ஒன்றுதான், தன் வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றி லாபம் பார்க்க முடியாது. அந்த 10 வெள்ளியை வருடக் கணக்கிலிருந்து எடுக்காமல் விட்டால் லாபம் கூடுதலாகத் தெரியும், அதற்கு வரியும் கட்ட நேரும்.

முதல் வருடம் ஜூரோங் இருப்பு 30,000 வெள்ளி. நான் அதில் 25 சதவீதம், அதாவது 7,500 கழித்துவிட்டேன். ஆடிட்டர் ஒரே கேள்விதான் கேட்டார்: "25 சதவீதம் எதன் மேல்?" அடக்கத்தின் மேல் கூட்டியது 25 என்றால், கூட்டிய விலையில் அது ஐந்தில் ஒரு பங்கு. 40-க்கு 10 கால் பங்கு, 50-க்கு அதே 10 ஐந்தில் ஒன்று. இது போதாதென்று, அந்த 30,000-இல் ஜூரோங் கிளை இங்குள்ள மொத்த வியாபாரியிடம் நேரடியாக வாங்கிய 5,000 வெள்ளிச் சரக்கும் கலந்திருந்தது. அதில் நம் கூட்டல் எதுவும் கிடையாது. மீதி 25,000-இல் ஐந்தில் ஒன்று, 5,000 வெள்ளி. அதுதான் எடுக்கவேண்டிய தொகை. அன்றிலிருந்து நேரடிக் கொள்முதல் சரக்குக்கு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டுகிறோம். இருப்பெடுக்கும் இரவில் அதைவிட உதவியது எதுவுமில்லை.

அடுத்த வருடம் வேறு தப்பு. கூட்டுவிலைச் சரக்கு 35,000 இருந்தது, அதற்கு 7,000. முழு 7,000-ஐயும் லாபத்திலிருந்து கழித்தேன். போன வருடம் ஒதுக்கிய 5,000 என்ன ஆயிற்று? அந்தப் பானைகள் இதற்குள் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய்விட்டன. அந்த லாபம் இப்போது உண்மையாகவே கைக்கு வந்துவிட்டது. அதனால் பழைய 5,000 இந்த வருட லாபத்தில் திரும்பச் சேரும், புது 7,000 கழியும். நிகரமாகக் கழிவது 2,000 மட்டும்.

இந்தப் பதிவைக் கம்பெனியின் மொத்தக் கணக்கில்தான் போடுகிறோம். ஜூரோங் கிளையின் ஏட்டில் இருப்பு 35,000-ஆகவே நிற்கும். இது புரியாமல் அங்குள்ள பொறுப்பாளர் ஒருமுறை போன் செய்து, "அண்ணே, என் சரக்கு மதிப்பை ஏன் குறைச்சீங்க?" என்று கோபித்துக்கொண்டார். உங்கள் ஏட்டில் கை வைக்கவில்லை என்று விளக்க அரைமணி நேரம் ஆனது.

லாரியில் இருக்கும் சரக்கையும் மறக்கக்கூடாது. 31 மாலை கிளம்பி 2-ஆம் தேதி இறங்கிய ஒரு லோடு இரண்டு கடை இருப்பிலும் வரவில்லை. டெலிவரி ஆர்டர்களை வரிசை எண்படி சரிபார்த்தபோதுதான் கிடைத்தது. அதையும் இருப்பில் சேர்த்து, கூட்டலை எடுக்கவேண்டும்.

நான் மிகத் தாமதமாகக் கற்றது நசுங்கின பாத்திரங்களைப் பற்றி. அடக்கம், விற்றுக் கிடைக்கக்கூடிய தொகை இரண்டில் எது குறைவோ அதில்தான் இருப்பைக் காட்டவேண்டும். 50-க்கு வந்த குக்கர் ஒன்று லேசாக நசுங்கி 45-க்குத்தான் போகும் என்று வையுங்கள். 50-ஐ 45-ஆகக் குறைத்துவிட்டு அப்புறம் கூட்டல் 10-ஐயும் எடுத்தால் 35-இல் வந்து நிற்கும். அது தப்பு. முதலில் கூட்டலை எடுத்தால் 40. 45 அதைவிட அதிகம், ஆகவே குறைக்க ஒன்றுமேயில்லை. இந்த வரிசையை மாற்றி மூன்று வருடம் இருப்பைக் குறைத்தே காட்டியிருக்கிறேன்.

2023-இல் சில சரக்குக்கு மட்டும் கூட்டலை 20 சதவீதமாக மாற்றினார்கள். அது ஆறில் ஒரு பங்கு. பழைய லோடு எது, புது லோடு எது என்று அலமாரியில் பிரிக்க முடியாமல் தவித்த பிறகு, பின்னக் கணக்கையே விட்டுவிட்டேன். இப்போது ஒவ்வொரு பொருளுக்கும் அடக்கவிலை தனிப் பத்தியில் இருக்கிறது, பாஸ்வேர்டு முதலாளியிடமும் என்னிடமும் மட்டும். இருப்பெண்ணை இரண்டு விலையாலும் பெருக்கினால் வித்தியாசம் தானாக வந்துவிடும். புதிதாக இரண்டாவது கடை போடுகிற யாராவது கேட்டால், அடக்கத்தை இப்படி மறைக்க வசதியிருந்தால் அடக்கவிலையிலேயே அனுப்புங்கள் என்றுதான் சொல்வேன். எங்கள் முதலாளி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.