இரண்டரை மணி நேரக் கூட்டத்திலிருந்து ஏழு நிமிடக் காணொளி: மூன்று ஆண்டு அனுபவம்

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தில் நான் செயலாளர். பாதி வீட்டு உரிமையாளர்கள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருப்பதால் கூட்டங்களை ஜூம் வழியாகவும் நடத்திப் பதிவு செய்கிறோம். இரண்டரை மணி நேரப் பதிவை யாரும் பார்ப்பதில்லை. அதனால் தீர்மானங்களையும் அவற்றுக்கு முந்தைய முக்கிய வாதங்களையும் மட்டும் வெட்டியெடுத்து, ஆறேழு நிமிடக் காணொளியாக அனுப்பத் தொடங்கினேன். மூன்று ஆண்டுகள் ஆகின்றன.

வேலை கூட்டத்திலேயே தொடங்கிவிடுகிறது. பதிவு ஓடத் தொடங்கியதும், "இப்போது மணி 5:12" என்று உரக்கச் சொல்வேன். ஒவ்வொரு தீர்மானம் முடியும்போதும் மினிட்ஸ் புத்தகத்தின் ஓரத்தில் கடிகார நேரத்தைக் குறிப்பேன். லிஃப்ட் பற்றிய முடிவு 6:49 என்றிருந்தால், பதிவில் அது 1 மணி 37 நிமிடத்தில் இருக்கும். இந்தப் பழக்கம் வருவதற்கு முன் முழுப் பதிவையும் ஓட்டிப் பார்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமையையே இழந்திருக்கிறேன். இப்போது இரண்டு மணி நேரம் போதும்.

வெட்டுவதில்தான் பெரிய தவறு செய்தேன். அந்த லிஃப்ட் விவாதத்தின் முடிவில் மூத்த உறுப்பினர் ஒருவர் சொன்னது இது: "இன்னும் இரண்டு இடங்களில் விலைப்புள்ளி வாங்கி, அங்கேயும் தொகை கூடுதலாக இருக்கிறது என்றால், இவர்களுக்கே கொடுத்துவிடலாம்." எல்லோரும் கைதூக்கினார்கள். நான் முடிவு வரும் இடத்திலிருந்து பின்னோக்கிச் சில வினாடிகளை மட்டும் எடுத்தேன். காணொளியில் மிஞ்சியது "இவர்களுக்கே கொடுத்துவிடலாம்" என்பதும் உயர்ந்த கைகளும்தான். அன்றிரவே இரண்டு வீட்டார் கோபமாக அழைத்தார்கள். பேசியவரும் வருத்தப்பட்டார், அவர் வருந்தியது நியாயம்.

தமிழில் நிபந்தனை முன்னால் வருகிறது, முடிவு வினையில் வருகிறது. மறுப்பும் கடைசியில்தான்: "வாடகைதாரர்களிடம் கூடுதலாக வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை" என்பதில் கடைசிச் சொல் வெட்டுப்பட்டால் பேச்சே தலைகீழாகிவிடும். அதனால் இப்போது குறித்த நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பிருந்து கேட்கிறேன். வாக்கியம் எங்கே பிறக்கிறதோ அங்கே தொடங்கி, வினைமுற்றுக்குப் பிறகு ஒரு மூச்சு விட்டு நிறுத்துகிறேன். மௌனங்களைத் தானாக நீக்கும் வசதியை விட்டுவிட்டேன். "ஆட்சேபம் உண்டா?" என்று கேட்டபின் நிலவும் மூன்று வினாடி அமைதியும் அந்த முடிவின் பகுதிதான்.

வெட்டுவதற்கு ffmpeg என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். மேலே சொன்ன லிஃப்ட் பேச்சுக்கு இன்று நான் தரும் கட்டளை:

```
ffmpeg -ss 01:36:48 -i kootam.mp4 -t 50 -c:v libx264 -crf 23 -c:a aac -ar 48000 03.mp4
```

தொடக்கத்தில் `-c copy` என்று கொடுத்து வந்தேன். படத்தையும் ஒலியையும் மறுகுறியாக்கம் செய்யாமல் அப்படியே நகலெடுப்பதால் நொடியில் முடிந்துவிடும். ஆனால் அந்த முறையில் படத்தைக் கீஃபிரேம் எனும் முழுச் சட்டகம் உள்ள இடத்திலிருந்துதான் எடுக்க முடியும். துண்டு சில வினாடிகள் முன்னதாகத் தொடங்கி, முந்தையவரின் பேச்சு ஒட்டிக்கொண்டு வரும். அல்லது குரல் வந்தும் படம் உறைந்து நிற்கும். மேலே உள்ள கட்டளை மெதுவானது, ஆனால் சொன்ன இடத்தில் வெட்டுகிறது.

துண்டுகளுக்கு இடையே "தீர்மானம் 3: லிஃப்ட்" என்று எழுதிய அட்டையை நான்கு வினாடிகள் காட்டுகிறேன். அட்டை வெறும் படம் என்பதால் அதில் ஒலித்தடம் இல்லை. அப்படியே இணைத்தபோது, அடுத்த துண்டிலிருந்து உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் என்று பிரிந்துவிட்டது. அட்டைக்கும் மௌன ஒலித்தடம் சேர்த்து, எல்லாத் துண்டுகளுக்கும் ஒரே பட அளவும், கட்டளையில் 48000 என்று உள்ள அதே ஒலி மாதிரி வீதமும் வைத்தபின் அந்தக் கோளாறு வரவில்லை.

இன்னொன்று, எடுத்த முடிவு அதே கூட்டத்திலேயே மாறும். ஆறு மணிக்கு ஒப்புக்கொண்ட வண்ணப்பூச்சுத் தொகையை, வங்கி இருப்பைப் பார்த்தபின் ஏழரை மணிக்குக் குறைத்தார்கள். முதலாவதை மட்டும் காட்டியிருந்தால் அது பொய்யாகியிருக்கும். எனவே பதிவின் கடைசியிலிருந்து பின்னோக்கி வேலை செய்கிறேன். இறுதி வடிவம் தெரிந்த பிறகே அதற்கு முந்தைய வாதத்தைத் தேர்ந்தெடுக்கிறேன்.

மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசி எட்டும் முடிவுகளைக் காணொளியால் காட்ட முடிவதில்லை. அங்கே மினிட்ஸ் புத்தகத்தின் வாசகத்தை அட்டையில் எழுதி நானே படித்துவிடுகிறேன். யாருடைய பராமரிப்புப் பாக்கி பற்றிய பேச்சையும் சேர்ப்பதில்லை. முடித்த காணொளியை அனுப்புவதற்கு முன், தீர்மானத்தை எதிர்த்துப் பேசியவருக்கு முதலில் காட்டுகிறேன். போன மாதம் ஒருவர் தம் பேச்சில் இன்னும் பன்னிரண்டு வினாடிகள் வேண்டும் என்றார். கேட்டுப் பார்த்தேன், அவர் காரணம் சொன்ன இடம் அதில்தான் இருந்தது, சேர்த்துவிட்டேன்.