சோப்புப் பெட்டி: 10 + 3 தள்ளுபடியா, ஒரே 12 சதவீதமா?

எங்கள் மளிகைக் கடைக்கு மாதம் இரண்டு மூன்று பெட்டி குளியல் சோப்பு வாங்குகிறோம். ஒரே சரக்கைத்தான் இரண்டு மொத்த ஏஜென்சிகள் தருகின்றன. பெட்டிக்கு 120 சோப்பு, பட்டியல் விலை ஒன்றுக்கு 25 ரூபாய், ஆக 3,000. முதல் ஏஜென்சி பில்லிலேயே 10 சதவீதம் வணிகத் தள்ளுபடி கழித்து, ஏழு நாளுக்குள் பணம் கட்டினால் இன்னும் 3 சதவீதம் ரொக்கத் தள்ளுபடி தருகிறது. இரண்டாவது ஏஜென்சியில் 12 சதவீதம் வணிகத் தள்ளுபடி மட்டும்தான். ஆனால் முப்பது நாள் தவணை உண்டு. ஐந்து மாதம் முதலாவதில் வாங்கிவிட்டு இப்போது இரண்டாவதற்கு மாறியிருக்கிறேன்.

முதலில் கணக்கைச் சரியாகப் போட்டுவிடுவோம். பத்தும் மூன்றும் பதின்மூன்று என்று கூட்டி 2,610 என்று எழுதுவது தப்பு. வணிகத் தள்ளுபடி 3,000-இல் கழிகிறது, 2,700 ஆகிறது. ரொக்கத் தள்ளுபடி அந்த 2,700-க்குத்தான், அதாவது 81 ரூபாய். மிச்சம் 2,619.

இதற்குமேல் வரி. குளியல் சோப்புக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். பில் போடும்போது நான் ஏழு நாளில் கட்டுவேனா என்று ஏஜென்சிக்குத் தெரியாது. அதனால் 2,700-க்கே 135 ரூபாய் வரி சேர்த்து 2,835 என்று பில் வரும். நேரத்தில் கட்டினால் 81 கழித்துக்கொண்டு 2,754 கொடுக்கலாம். சரக்கு இறங்கும்போதே ரொக்கம் கொடுத்து, தள்ளுபடியைப் பில்லிலேயே கழிக்கச் சொன்னால், வரி 2,619-க்கு மட்டும் விழும். அப்போது மொத்தம் 2,749.95. நாலு ரூபாய் வித்தியாசம்தான். ஆனாலும் நான் சிறு கடைகளுக்கான ஜிஎஸ்டி காம்போசிஷன் திட்டத்தில் இருப்பதால் கட்டிய வரி எனக்குத் திரும்பாது, அந்த நாலு ரூபாயும் என் கைக்காசுதான்.

இரண்டாவது ஏஜென்சிக் கணக்கு ஒரு வரியில் முடிந்துவிடும்: 3,000-இல் 360 போக 2,640, வரி 132, கட்ட வேண்டியது 2,772.

தாளில் பார்த்தால் முதலாவது பெட்டிக்கு 18 ரூபாய் மலிவு. நானும் அதை நம்பித்தான் போனேன். கவனிக்காமல் விட்டது எட்டாவது நாளை. அன்றைக்கு ரொக்கத் தள்ளுபடி இல்லை, முழு 2,835-ஐக் கட்ட வேண்டும். அதாவது இரண்டாவது ஏஜென்சியைவிட 63 ரூபாய் அதிகம். ஒரு முறை தவறினால், அதை ஈடுகட்ட நாலு பெட்டிக்கு நாள் தவறாமல் கட்ட வேண்டும்.

சரி, ஏன் தவறுகிறது? எங்கள் கடையில் நாளைக்குப் பத்து சோப்பு போகும், விற்பது 26 ரூபாய்க்கு. ஏழு நாளில் 70 சோப்பு, 1,820 ரூபாய். 2,754-க்கு இன்னும் 934 குறைகிறது. அதை அரிசி, எண்ணெய் விற்ற பணத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். அந்த பில்களும் அதே வாரத்தில் வந்து நின்றால் சோப்புக்காரருக்கு 'நாளைக்கு வாங்கண்ணே' என்று சொல்ல நேரும். அந்த ஒரு நாளுக்கு விலை 81 ரூபாய். ஐந்து மாதத்தில் வாங்கிய 12 பெட்டியில் எட்டுக்கு நேரத்தில் கட்டினேன், நாலுக்கு முடியவில்லை. எட்டில் மிச்சம் 144, நாலில் நஷ்டம் 252. கழித்துப் பார்த்தால் 108 ரூபாய் கூடுதலாகத்தான் கொடுத்திருக்கிறேன்.

இப்போது பன்னிரண்டு நாளில் பெட்டி முழுக்க விற்று 3,120 ரூபாய் கையில் வந்துவிடுகிறது. அப்புறமும் பதினெட்டு நாள் இருக்கிறது. சோப்புக்கான பணத்தைச் சோப்பே கொண்டுவந்து தருகிறது, மற்ற பில்லில் கை வைக்க வேண்டியதில்லை.

ஆனால் கையில் சும்மா கிடக்கும் பணம் உள்ளவருக்கு முதல் ஏஜென்சிதான் சரி. 2,754 ரூபாயை 23 நாள் முன்னதாகக் கொடுத்து 18 மிச்சம் பிடிப்பது, ஆண்டுக் கணக்கில் பத்து சதவீதத்துக்குச் சற்று மேல். சேமிப்புக் கணக்கில் அது கிடைக்காது. கட்டிய வரியை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்கும் பெரிய கடைகள் வரி சேர்க்காத தொகையை வைத்து ஒப்பிட வேண்டும். நான் சொல்வது மாதம் இரண்டு மூன்று பெட்டி எடுக்கும் கடையின் அனுபவம், அவர்களுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லமாட்டேன்.

முதல் ஏஜென்சியை முழுக்க விடவில்லை. பொங்கல் மாதிரி விற்பனை கூடும் வாரத்தில், இறக்கும்போதே ரொக்கம் கொடுக்க முடிந்தால், 2,749.95-க்கு அங்கேதான் வாங்குவேன்.