ஆறு வருடம் எண்ணெய் கொப்பளித்தேன்: ஈறு தேறியது, பல் இடுக்கு தேறவில்லை

2018 மார்கழியில் ஆரம்பித்தேன். பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வந்துகொண்டிருந்தது, துப்பினால் நுரை இளஞ்சிவப்பாக இருக்கும். அம்மா நல்லெண்ணெய் பாட்டிலைக் கையில் கொடுத்து, "காலைல வெறும் வயித்துல ஒரு கரண்டி ஊத்திக் கொப்பளி கண்ணு" என்றார். அன்றிலிருந்து ஊருக்குப் போன நாட்கள், காய்ச்சல் வந்த நாட்கள் போக ஏறக்குறைய தினமும் செய்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது வாரத்திலேயே ரத்தம் குறைந்தது. காலையில் வாயில் இருக்கும் அந்தப் பிசுபிசுப்பும் நாற்றமும் நன்றாகக் குறைந்தன. இது மனப்பிரமை இல்லை. 2009-ல் 20 பதின்ம வயதுப் பையன்களை வைத்து 10 நாள் செய்த ஓர் ஆய்வில் நல்லெண்ணெய் கொப்பளித்தவர்களுக்கு ஈறு வீக்கமும் பல்லில் படியும் படலமும் குறைந்திருந்தன. 2015-ல் 60 பேரை வைத்துத் தேங்காய் எண்ணெயில் 30 நாள் பார்த்தார்கள், அதிலும் இதே மாதிரிதான், ஆனால் எண்ணெய் கொப்பளிக்காத ஒரு குழுவை வைத்து ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. ஆட்களும் கொஞ்சம், நாட்களும் கொஞ்சம். அதைவிட முக்கியம், இரண்டிலும் அளந்தது ஈறையும் படலத்தையும்தான், சொத்தையை இல்லை. இந்த வித்தியாசம் எனக்கு அப்போது உறைக்கவில்லை. ஈறு தேறியதைப் பார்த்து வாய் முழுக்கத் தேறிவிட்டது என்று நம்பினேன், பல் டாக்டரிடம் போவதை நிறுத்தினேன், இரவு பல் தேய்ப்பதும் தளர்ந்துவிட்டது.

2021 ஆடியில் இடது கீழ்க் கடைவாயில் ஜில் தண்ணீர் பட்டால் சுருக்கென்றது. அப்போது நான் செய்தது தப்பு. எண்ணெய் நேரத்தை 10 நிமிடத்திலிருந்து 20 ஆக்கினேன், தாடை வலித்ததுதான் மிச்சம். முதலில் ஜில் தண்ணீரை விழுங்கியதும் கூச்சம் நின்றுவிடும். அப்புறம் விழுங்கி ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் ஆகியும் வலி நிற்காமல் போனது. ஒரு நாள் இரவு படுத்ததும் பல்லுக்குள் நாடி அடிப்பதுபோல விண்விண் என்று தெறித்தது. கூச்சம் உடனே அடங்காமல் நீண்டுகொண்டே போனால் பல்லின் உள் நரம்பு வீங்கியிருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கட்டத்தில் எந்த எண்ணெயும் அங்கே எட்டாது.

டாக்டர் கடித்துப் பிடிக்கும் சின்ன எக்ஸ்ரே எடுத்துக் காட்டினார். முதல் கடைவாய்ப் பல்லும் அதற்கு முன்னால் இருக்கும் பல்லும் தொட்டுக்கொள்ளும் இடத்துக்குச் சற்றுக் கீழே கறுப்பாக ஒரு முக்கோணம், நுனி உள்ளே நரம்பு வரைக்கும். மேலே பார்த்தால் பல் முழுசாக, வெள்ளையாக இருக்கிறது! "எண்ணெய் கொப்பளிங்க, வேண்டாம்னு சொல்லல. ஆனா பல்லும் பல்லும் ஒட்டுற அந்த இடுக்குல அது ஒண்ணும் பண்ணாதுங்க" என்றார். வேர் சிகிச்சை செய்து மேலே உறை போட வேண்டியதாயிற்று. கீழ் முன்பற்களின் உட்பக்கம் காரை கட்டியிருந்ததையும் சுத்தம் செய்தார். எச்சில் சுரப்பி அங்கே திறப்பதால் சுண்ணாம்புச் சத்து அங்கேதான் சீக்கிரம் படிந்து கல்லாகும், கல்லானதை எண்ணெய் கரைக்காது, பிரஷ்ஷும் எடுக்காது. நாக்கு நுனியால் அந்த இடத்தைத் தடவிப் பாருங்கள், பல்லுக்குப் பல் இடைவெளி தெரியாமல் ஒரே சுவராக, சொரசொரப்பாக இருந்தால் காரை கட்டியிருக்கிறது.

படலத்தில் மட்டும் ஒட்டிச் சாயம் ஏற்றும் ஒரு மாத்திரை உண்டு. டாக்டர் கொடுத்தார், வீட்டில் மென்று கண்ணாடியில் பார்த்தேன். ஈறு ஓரமாகப் பல்லுக்குப் பல் ரோஜா நிறக் கோடு. பத்து நிமிடம் எண்ணெய் கொப்பளித்துத் துப்பிவிட்டு மறுபடி பார்த்தேன். பல்லின் நடுவில் இருந்த லேசான சாயம் வெளுத்திருந்தது, ஈறு ஓரக் கோடு அப்படியே இருந்தது, இடுக்கில் இன்னும் அடர்த்தியாக. பிரஷ்ஷை ஈறு பக்கம் சாய்த்துப் பிடித்துச் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்ததும் கோடு போனது. இடுக்கில் இருந்தது பல் நூல் விட்டபிறகுதான் போனது. எனக்கு எந்த விளக்கமும் இதற்குமேல் தேவைப்படவில்லை.

எண்ணெய் வெள்ளையாக மாறுவதை "நச்சு வெளியே வருது" என்று சொல்கிறார்கள். ஒரு சின்ன பாட்டிலில் எண்ணெயும் தண்ணீரும் ஊற்றிக் குலுக்கிப் பாருங்கள், அதுவும் வெளுக்கும். எச்சிலில் இருக்கும் புரதம் அந்தத் துளிகளைப் பிரியவிடாமல் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். வெள்ளையாகிவிட்டது என்றால் நன்றாகக் கலந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். உடம்பில் இருந்து எதுவும் இறங்கியதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது நான் செய்வது இப்படி. எழுந்ததும் ஒரு டீஸ்பூன் எண்ணெய், அதிகமில்லை, ஏனென்றால் எச்சில் ஊறி வாய் நிறைந்துவிடும். மெதுவாக, பல் இடுக்கில் இழுத்து இழுத்து எட்டு பத்து நிமிடம். தலையை அண்ணாந்து தொண்டையில் கொப்பளிக்கக் கூடாது. துப்பிவிட்டு வெறும் தண்ணீரில் கொப்பளித்து, அப்புறம் ஃபுளோரைடு பேஸ்ட். இந்த வரிசை முக்கியம். முதலில் பல் தேய்த்துவிட்டு எண்ணெய் ஊற்றினால் பல்லில் தங்க வேண்டிய ஃபுளோரைடு அதோடு போய்விடும்.

எண்ணெய் விஷயத்தில், எனக்கு நல்லெண்ணெய்தான் சௌகரியம். செக்கில் ஆட்டும்போது கருப்பட்டி சேர்ப்பார்கள், அதனால் அடியில் மண்டி இருந்தால் கலக்காமல் மேல் தெளிவை மட்டும் எடுக்கிறேன். தேங்காய் எண்ணெய் வாய்க்கு லேசாக இருக்கும், ஆனால் கோவையில் மார்கழி தைக் காலையில் உறைந்து கிடக்கும், உள்ளங்கையில் வைத்து உருக்க வேண்டும். அதை வாஷ்பேசினில் துப்பிவந்ததில் அந்தக் குளிரில் குழாய் வளைவில் மெழுகுபோல உறைந்து அடைத்துக்கொண்டது. இப்போது பழைய பால் கவரில் துப்பிக் குப்பையில் போடுகிறேன். விலை குறைவு என்று விளக்குக்கு விற்கும் தீப எண்ணெயை மட்டும் வாயில் ஊற்றிவிடாதீர்கள், அது சாப்பிடுவதற்கானது இல்லை. எள் ஒத்துக்கொள்ளாதவர்கள் நல்லெண்ணெய்ப் பக்கமே போக வேண்டாம்.

பக்கவாதம் வந்த பிறகு அம்மாவுக்குத் தண்ணீர் குடித்தாலே சில சமயம் புரையேறுகிறது. அவருக்கு நான் எண்ணெய் கொடுப்பதில்லை. எண்ணெய் தொண்டையில் இறங்கி மூச்சுக்குழாய்க்குள் போனால் இருமல்கூட வராமல் நுரையீரலில் தங்கிவிடும், அதனால் நிமோனியா வந்தவர்கள் கொரியாவில் 2014-ல் பதிவாகியிருக்கிறார்கள். சின்னக் குழந்தைகளுக்கும் அதே காரணத்துக்காக வேண்டாம். அம்மாவுக்கு இது வருத்தம்தான், நாற்பது வருடப் பழக்கம். உதடு காய்ந்தால் விரலில் தொட்டுத் தடவிவிடுகிறேன்.

போன வருடம் எடுத்த எக்ஸ்ரேயில், உறை போட்ட பல்லுக்குப் பக்கத்துப் பல்லில் மேல் பூச்சோடு நிற்கும் லேசான நிழல் ஒன்று தெரிந்தது. இன்னும் குழியாகவில்லை, இரவில் பல் நூலும் ஃபுளோரைடு பேஸ்ட்டும் விடாமல் இருந்தால் அங்கேயே நின்றுவிட வாய்ப்பு இருக்கிறது என்றார் டாக்டர். வரும் ஐப்பசியில் மறுபடி எடுத்துப் பார்க்கப் போகிறோம்.