மூணு வருஷமா ஒரே மெசேஜ்: "உங்க தோழிக்கும் சொல்லுங்க" அனுபவம்

தேனியில் புதுசாகத் தையல் கடை போடும் தோழி ஒருத்தி போன வாரம் கேட்டாள். "கஸ்டமருக்கு ஒரு மெசேஜ் அனுப்புவியே, அதைப் பார்த்துதான் ஆள் வருதுன்னு சொன்னியே, அதை அப்படியே அனுப்பு." அனுப்பவில்லை. அப்படியே எடுத்துப் போட்டால் அது வேலை செய்யாது. அதோடு, இப்போது அந்த மெசேஜ் மேலேயே எனக்குக் கோபம். அதனால் விவரமாக இங்கே எழுதுகிறேன்.

திண்டுக்கல்லில் எனக்கு ப்ளவுஸ் தையல் கடை, மூன்று மெஷின். முதலில் அனுப்பிய மெசேஜ் இது:

"தரமான தையல், நியாயமான விலை! உங்களுக்குத் தெரிந்த அனைவருக்கும் சொல்லுங்கள். நீங்கள் அனுப்பும் ஒவ்வொருவருக்கும் உங்களுக்கு 100 ரூபாய் தள்ளுபடி!"

வாட்ஸ்அப் பிராட்காஸ்ட்டில் போட்டேன். அந்தப் பட்டியலில் 256 பேர் வரைதான் சேர்க்க முடியும், அதிலும் நம் நம்பரைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் போய்ச் சேரும். இது தெரியாமல், அனுப்பியும் யாரும் வரவில்லையே என்று ரொம்ப நாள் உட்கார்ந்திருந்தேன். ஆனால் போய்ச் சேர்ந்தவர்களும் யாருக்கும் சொல்லவில்லை. ஏன் என்று ஒரு டீச்சர் அக்காதான் முகத்துக்கு நேராகச் சொன்னார்: "நான் நல்லா இருக்குன்னு சொன்னா நல்லா இருக்குன்னுதான் அர்த்தம்மா. கமிஷன் வாங்கிட்டு சொல்றேன்னு அவ நெனைக்க மாட்டாளா?"

அன்றைக்கே மெசேஜிலிருந்து அந்த 100 ரூபாயை எடுத்துவிட்டேன். சலுகையை வரப்போகிறவருக்கு மாற்றினேன்: முதல் ப்ளவுஸோடு ஒரு சேலைக்கு ஓரம் அடித்து ஃபால்ஸ் வைத்துக் கொடுப்போம், அதற்குக் கூலி கிடையாது. எனக்குச் செலவு கிட்டத்தட்ட அதேதான். ஆனால் சொல்கிறவருக்கு இது தோழிக்குத் தான் வாங்கிக் கொடுக்கும் ஒன்றாக ஆகிவிடுகிறது, கூச்சமில்லாமல் சொல்ல முடிகிறது.

அடுத்து "அனைவருக்கும்". அந்த வார்த்தையைப் படித்தால் ஒரு முகமும் ஞாபகத்துக்கு வராது. அளவு எடுக்கும்போது பெண்கள் என்ன சொல்வார்கள் என்று தையல்காரர்களுக்குத் தெரியும். "தோள் இறங்குதுங்க", "கை தூக்கினா ப்ளவுஸ் மேல ஏறுது", "அக்குள்ல பிடிக்குது". இதை நான் அளவு நோட்டில் பேருக்குப் பக்கத்தில் எழுதி வைப்பேன், கட்டிங்குக்காக. ஒருநாள் அதையே மெசேஜில் போட்டுப் பார்த்தேன். தோள் இறங்குகிறது என்று புலம்பி வந்தவரிடம், அதே புலம்பல் இருக்கிற இன்னொருவர் தெரியுமா என்று கேட்டேன். அரை மணி நேரத்தில் பதில்: "எங்க அண்ணி இருக்காங்க, அவங்களுக்கு எங்க தைச்சாலும் இதே கதைதான்." மூன்று வருஷத்தில் என்னை உண்மையிலேயே சந்தோஷப்படுத்தியது இந்த ஒரு மாற்றம்தான்.

ஆனால் டெலிவரி கொடுத்த அன்றைக்கே அனுப்பக் கூடாது. ப்ளவுஸ் சரியா இல்லையா என்று உடுத்தி நாலு மணி நேரம் கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்து எழுந்த பிறகுதான் தெரியும். அதனால் எதற்காகத் தைக்கிறார்கள், என்றைக்கு உடுத்துகிறார்கள் என்று பில்லிலேயே தேதி குறித்துக்கொள்வேன். மறுநாள் ஒரு கேள்வி மட்டும் போகும்: "அக்கா, நேத்து ப்ளவுஸ் எப்படி இருந்தது? தோள் நின்னுச்சா?" நன்றாக இருந்தது என்று பதில் வந்தால்தான் அடுத்தது. கொஞ்சம் பிடித்தது என்றால் ஆல்டர் பண்ணிக் கொடுத்துவிட்டு, அவரிடம் அந்த முறை கேட்கவே மாட்டேன்.

நடுவில் ஒரு தப்பும் செய்தேன். தோழிக்கு அனுப்ப வேண்டியதையும் நானே எழுதிக் கொடுத்தேன், "என் ப்ளவுஸை அருமையாகத் தைத்துக் கொடுத்தார்கள்" என்று அவர் சொல்வது போலவே. புதிதாக வந்த ஒரு பெண் போனை நீட்டியபோது பார்த்தேன். மேலே அம்புக்குறி, ஃபார்வர்ட் ஆனது என்ற குறி, கீழே "என் ப்ளவுஸ்". யாருடைய ப்ளவுஸ்? விளம்பரம் என்று பார்த்தவுடன் தெரிகிறது. அதற்குக் கீழே அந்த அக்கா தானாக அடித்திருந்தது: "இங்க போ டீ, தோள் நிக்கும்." அந்தப் பெண் வந்ததே இந்த ஒரு வரியால்தான். அதோடு எழுதிக் கொடுப்பதை நிறுத்திவிட்டேன்.

லிங்க் விஷயமும் ஒன்று உண்டு. தட்டினால் "ப்ளவுஸ் தைக்க வேண்டும்" என்று தானாக அடித்து வர வேண்டும் என்று இப்படிச் செய்தேன்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=ப்ளவுஸ்%20தைக்க%20வேண்டும்
```

அனுப்பும்போது தமிழ் எழுத்தெல்லாம் %E0%AE என்று மாறிவிடுகிறது. ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஒன்பது எழுத்து, புள்ளிக்கும் கொம்புக்கும் தனித்தனியாக. ப்ளவுஸ் என்ற ஒரு சொல்லே 63 எழுத்து வருகிறது. பார்த்தவர்கள் மோசடி லிங்க் என்று தொடவே இல்லை. பிசினஸ் ஆப்பிலேயே குறுகிய லிங்க் எடுக்க வழி இருக்கிறது, அதற்குள் முன்கூட்டியே ஒரு வாசகமும் வைக்கலாம். லிங்க் நீளாது. அதில் "என்னை அனுப்பியவர்:" என்று மட்டும் வைத்திருக்கிறேன். வருகிறவர் பேரை நிரப்பி அனுப்புகிறார், யார் சொல்லி யார் வந்தார் என்று நோட்டில் ஏறிவிடுகிறது.

இப்போது இருப்பது இதுதான்:

"சந்தோஷம் அக்கா. உங்களுக்கு இருந்த மாதிரியே தோள் இறங்குதுன்னு கஷ்டப்படுறவங்க ஒருத்தர் இருந்தா, உங்க வார்த்தையிலேயே சொல்லி இந்த லிங்கை அனுப்புங்க. அவங்க முதல் ப்ளவுஸோட ஒரு சேலைக்கு ஃபால்ஸ் நாங்க வெச்சுத் தர்றோம். அவங்க வந்தாலும் உங்க தேதி தள்ளாது."

கடைசி வரி ஏன் என்று தையல் கடைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நல்ல தையல்காரர் கிடைத்தால் பெண்கள் வெளியே சொல்ல மாட்டார்கள். சொன்னால் கூட்டம் வரும், தீபாவளிக்கு நம் ப்ளவுஸ் நிற்கும் என்ற பயம், நியாயமான பயம். அந்த வரி சேர்த்த பிறகுதான் பழைய வாடிக்கையாளர்கள் வாய் திறந்தார்கள்.

கோபமும் அந்த வரியால்தான். இந்த ஆவணியில், முதலில் தன் அண்ணியை அனுப்பிய அதே அக்கா இரண்டு ப்ளவுஸ் கொடுத்திருந்தார். அவர் அனுப்பி வந்த அண்ணி வீட்டுக் கல்யாண ஆர்டர் பதினொரு ப்ளவுஸ், ஆறு ஆரி வேலை. ஆரி போடுகிறவர் ஒருவர்தான், கடைசி நாட்களில் எல்லா மெஷினும் அந்த ஆர்டரிலேயே உட்கார்ந்துவிட்டது, இவருடைய இரண்டும் மூன்று நாள் தாமதம். வந்து வாங்கிக்கொண்டார். திட்டவில்லை. "சொல்லாமலே இருந்திருக்கலாம் போல" என்று மட்டும் சொன்னார்.

மெசேஜ் நல்ல மெசேஜ்தான், ஆளைக் கொண்டுவருகிறது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் தோழிக்கு நான் சொன்ன பதில், இப்போது வேண்டாம் என்பது. ஒரு நாளைக்கு எத்தனை ப்ளவுஸ் முடிக்க முடியும் என்று அவளுக்கு இன்னும் தெரியாது. முதல் ஆறு மாதம் அதை நோட்டில் எழுதட்டும். கேட்டே ஆக வேண்டும் என்றால் ஆடியில் கேட்கட்டும், மெஷின் சும்மா இருக்கும்.

நானும் புரட்டாசி பிறந்ததிலிருந்து யாருக்கும் அனுப்பவில்லை, தீபாவளி முடியும் வரை அனுப்பவும் மாட்டேன். அந்த அக்கா தீபாவளிக்குத் துணி கொடுப்பாரா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். நோட்டில் பத்தாம் தேதிப் பக்கத்தில் அவருக்காக இரண்டு வரி காலியாக விட்டு வைத்திருக்கிறேன்.