32 வரி அட்டவணையா, நான்கு வரியா?

கடைகளுக்கான பில்லிங் மென்பொருள் ஒன்றின் விலைப் பக்கத்தை அண்மையில் திருத்திக் கொடுத்தேன். மாதம் 199, 499, 999 ரூபாய் என மூன்று திட்டங்கள்.

பழைய வடிவம் 32 வரி அட்டவணை. அதில் 21 வரிகளில் மூன்று திட்டங்களுக்கும் ஒரே டிக் குறிதான். மீதி 11 வரிகளில் 199 ரூபாய்த் திட்டத்தின் கீழே சிவப்புப் பெருக்கல் குறிகள். மாதம் 100 பில் என்ற உண்மையான வரம்போ பொடி எழுத்தில் அடிக்குறிப்பாகக் கிடந்தது. மலிவான திட்டத்தைப் பொறியாக்குவது அந்த அடிக்குறிப்புதான். கடைக்காரர் 101ஆவது பில்லில், வரிசையில் வாடிக்கையாளர் நிற்கும்போதுதான் அதை அறிகிறார்.

புதிய வடிவத்தில், பொதுவான 21 வசதிகளும் ‘எல்லாத் திட்டங்களிலும் உண்டு’ என்ற ஒரே பத்தியாயின. திட்டங்களின் கீழே பில் எண்ணிக்கை, பயனர்கள், கிளைகள், உதவி ஆகிய நான்கு மட்டும். பெருக்கல் குறிக்குப் பதிலாக, ‘1 பயனர்’, ‘மின்னஞ்சல் உதவி’ என்று கிடைப்பதையே எழுதினோம். 199க்கு நேராக இப்படி: ‘மாதம் 100 பில். அதற்கு மேலும் பில் போடலாம். ஒவ்வொன்றுக்கும் 2 ரூபாய். 250 பில்லைத் தாண்டினால் 499 திட்டமே லாபம்.’ கணக்கு எளிது: கூடுதல் 150 பில்லுக்கு 300 ரூபாய், மொத்தம் 499.

எனக்கு இரண்டாவதே சரி. ஆனால் பல கிளைகள் உள்ள நிறுவனத்தில் கொள்முதல் பார்ப்பவர் ஒவ்வொரு வசதியையும் சரிபார்ப்பார். அவருக்காக 32 வரிகளையும் பக்கத்தின் அடியில் ‘முழு அட்டவணை’ என்ற இணைப்புக்குள் வைத்திருக்கிறோம்.