யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு விடக் கார் எடுப்பது: வாகன் ஆரா, அக்ஸியோவா?

யாழ்ப்பாணத்தில் ஓட்டுநர் இல்லாமல் கார் வாடகைக்கு எடுப்பவர்களில் பெரும்பங்கு வெளிநாட்டில் இருந்து வரும் எங்கட ஆக்கள்தான். நல்லூர்த் திருவிழாவை ஒட்டிய ஆடி, ஆவணியிலும் பிறகு மார்கழி விடுமுறையிலும் எந்தக் கார் இருந்தாலும் போய்விடும். அதனால் கார் வாடகைக்குப் போகுமா என்று நான் பெரிதாக யோசிப்பதில்லை. அந்த இரண்டு சீசனிலும் கார் அடிபட்டால் எத்தனை நாள் கராஜில் நிற்கும் என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். பல வருடமாக இந்தத் தொழிலைச் செய்து வந்து, கார் தெரிவு செய்யும் முறையையே அந்தக் கேள்வியில் இருந்து தொடங்குகிறேன்.

எங்கே அடிபடும் என்பதில் பெரிய மர்மம் இல்லை. இடது பக்கம். கனடா, பிரான்ஸ், ஜேர்மனி, சுவிஸில் ஓடிப் பழகியவர் அங்கே காரின் இடப்பக்கம் இருந்து வீதியின் வலப்பக்கத்தால் போனவர். இங்கே வலப்பக்கம் இருக்கும்போது தனக்கு இடப்புறம் எவ்வளவு கார் நீண்டு கிடக்கிறது என்பது அவருக்குப் பிடிபட நாளெடுக்கும். எதிரே ஓட்டோ வந்தால் கை தானாக இடப்பக்கம் ஒதுக்கும், அங்கே மதில் இருக்கும். கண்ணாடி உடைவது சின்ன விஷயம். ஒழுங்கையில் இருந்து இடப்பக்கம் திரும்பிக் கேற்றுக்குள் போகும்போதுதான் பெரிய சேதம் வரும். முன்பக்கம் தப்பிவிடும், பின்சில்லு உள்ளே வெட்டிக்கொண்டு வரும், கேற்றுத் தூண் பின்கதவில் தொடங்கிப் பின்சில்லுக்கு மேலிருக்கும் தகடு வரைக்கும் உரஞ்சிவிடும். காரைத் திருப்பித் தரும் தம்பி "அண்ணை, ஒண்டும் முட்டேல்லை" என்பார். பொய் சொல்கிறார் என்று நான் நினைப்பதில்லை, உள்ளே பாட்டுப் போட்டிருந்தால் உரஞ்சும் சத்தம் கேட்காது. அதனால்தான் கொடுக்கும்போதும் வாங்கும்போதும் காரைக் கழுவிவிட்டுத்தான் வீடியோ எடுக்கிறேன். செம்மண் தூசி படிந்த காரில் கீறல் தெரியவே தெரியாது.

இந்த இடத்தில்தான் காரின் அகலம் காசாகிறது. ஜப்பான் சுசுகி வாகன் ஆரின் அகலம் 1,475 மில்லிமீற்றர், டொயோட்டாவின் அக்ஸியோவும் அக்குவாவும் 1,695. வித்தியாசம் 22 சென்ரிமீற்றர், ஏறக்குறைய ஒரு சாண். நல்லூர்ப் பக்கத்து ஒழுங்கைகளில் அந்த ஒரு சாண் இருந்தால் தூண் தப்பும்.

அடுத்தது பாகங்கள். கதவு, பம்பர், முன் மட்காட் எல்லாம் ஆணி கழற்றி மாற்றக் கூடியவை. பின்சில்லுக்கு மேலுள்ள தகடு உடலோடு வெல்ட் பண்ணியது, அதைத் தட்டித்தான் எடுக்க வேண்டும், அல்லது வெட்டி ஒட்ட வேண்டும். அதனால் ஒரு கார் வாங்க முன்னர் எனக்குத் தெரிந்த டிங்கரிங்காரரிடம் போய் இந்த மொடலுக்கு இடது பின்கதவு இங்கே கிடைக்குமா என்று கேட்பேன். "கதவு கொழும்பு பஞ்சிகாவத்தையில இருந்துதான் வரவேணும், ஒரு கிழமை எடுக்கும்" என்று சொன்னால் அந்த ஒரு கிழமை வாடகையையும் காரின் விலையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நிறமும் அப்படித்தான். பேர்ள் வெள்ளை பார்க்க வடிவு, ஆனால் அது அடுக்கடுக்காக அடிக்கும் பெயின்ற். ஒரு கதவை மட்டும் அடித்தால் வெயிலில் வேறு நிறமாகத் தெரியும், பிறகு பக்கத்துக் கதவுக்கும் சேர்த்து அடிக்க வேண்டிவரும். சாதாரண வெள்ளைக்கு அந்தத் தொல்லை இல்லை. வாடகைக் காருக்கு நான் அதைத்தான் தேடி எடுப்பேன்.

வாகன் ஆரிலேயே எஃப்எக்ஸா ஸ்டிங்ரேயா என்பது அடுத்த கேள்வி. படம் பார்த்துக் கேட்கும் பெடியளுக்கு ஸ்டிங்ரேதான் வேண்டும். ஆனால் ஸ்டிங்ரேயில் வரும் 15 அங்குல ரிம்முக்கு 165/55 ரயர், எஃப்எக்ஸின் 14 அங்குலத்துக்கு 155/65. ஸ்டிங்ரேயின் ரயர்ச் சுவர் உயரம் குறைந்தது. குழியில் விழுந்தால் ரிம் நெளிவதும் ரயர்ச் சுவரில் கொப்பளம் எழும்புவதும் அங்கேதான் கூட. தீவுப்பக்க வீதிகளுக்கு எஃப்எக்ஸ்தான் சரி. முன்விளக்கு உடைந்தாலும் சாதாரண பல்ப் உள்ள எஃப்எக்ஸ் விளக்கு மலிவு.

இனி வாங்கும் விலை. கணக்கு விளங்குவதற்காகச் சுற்று எண்களில் சொல்கிறேன். வாகன் ஆர் 65 இலட்சம், நாள் வாடகை 7,500 ரூபாய், வருடத்தில் 200 நாள் ஓடினால் 15 இலட்சம் வரும். அக்ஸியோ 110 இலட்சம், நாள் வாடகை 11,000, வாடகை கூட என்பதால் 150 நாள் ஓடினால் 16 இலட்சத்து 50 ஆயிரம். மேலாகப் பார்த்தால் அக்ஸியோ ஒன்றரை இலட்சம் கூட உழைக்கிறது. ஆனால் கூடப் போட்ட 45 இலட்சத்தை வங்கியில் 8 வீதத்துக்கு வைத்தாலே 3 இலட்சத்து 60 ஆயிரம் வரும். லீசிங்கில் எடுத்தால் வட்டி இதைவிடக் கூட. காப்புறுதியும் பம்பரும் கதவும் அக்ஸியோவுக்கு விலை கூடினவை. ஆக, நாள் வாடகை உயர்ந்த கார் நல்ல கார் என்று நம்பி முதலைப் போட்டுவிடக் கூடாது.

அதற்காக எல்லாவற்றையும் வாகன் ஆராகவே எடுக்கவும் முடியாது. கட்டுநாயக்காவில் இறங்கும் நாலு பேரின் எட்டுச் சூட்கேஸும் வாகன் ஆரின் பின்னால் ஏறாது. ஏ9 வீதியில் வவுனியா தாண்டி மணிக்கணக்காக ஓடும்போது, அதுவும் பக்கக் காற்றடிக்கும் நாளில், உயரமான மெல்லிய கார் அலையும். வயதுபோன அம்மா, அப்பாவோடு வருபவர் அடுத்த முறை அதைக் கேட்க மாட்டார். நாலு வாகன் ஆருக்கு ஒரு அக்ஸியோ என்பது என் அளவு. அந்த அக்ஸியோவை ஒழுங்கைக்குள் ஓடும் ஆளுக்குக் கொடுப்பதில்லை, கொழும்புக்குப் போய்வரும் குடும்பங்களுக்கே வைத்திருக்கிறேன். கலியாணக் காலத்தில் அது தானாகவே போகும்.

அக்குவா ஹைபிரிட் கார், எரிபொருளில் மிச்சம் பிடிக்கும். ஆனால் அதன் பெரிய பற்றறி பின்சீற்றுக்குக் கீழே இருக்கிறது, அதைக் குளிராக்கும் காற்று சீற்றின் ஓரத்து வாய் வழியாகத்தான் போகிறது. கசூரினாக் கடற்கரை மணலோடு ஏறும் பிள்ளைகளும், அந்த வாயை மறைத்து வைத்த பைகளும், செம்மண் தூசியும் சேர்ந்து பற்றறியைச் சூடாக்கும். சொந்தப் பாவனையில் இதைக் கவனிக்கலாம். வாடகையில் எரிபொருள் மிச்சம் வாடிக்கையாளருக்கு, பற்றறிச் செலவு எனக்கு. அக்குவா எடுத்தால் ஒவ்வொரு சேர்விஸிலும் அந்தக் காற்று வாயின் வடியைக் கழற்றித் துடைக்க வேண்டும். வாகன் ஆர் ஹைபிரிட்டின் பற்றறி முன்சீற்றின் கீழிருக்கும் சின்னன், செலவும் அதற்கேற்ற மாதிரித்தான். எந்தக் கார் என்றாலும் ரேடியேற்றருக்குள் கிணற்றுத் தண்ணீர் விடக் கூடாது. எங்கட மண் சுண்ணாம்புக்கல், கேத்தில் அடியில் படியும் அதே வெள்ளை குழாயிலும் படியும். கூலன்ற் போத்தல் ஒன்றைக் காருக்குள்ளேயே வைத்துவிடுகிறேன்.

கியர் மாற்றி ஓடும் ஆல்ட்டோ விலை குறைவு, இஞ்சினும் தாங்கும். வெளிநாட்டில் ஓட்டோ கியரில் பழகினவர் அதை எடுக்க மாட்டார், அதனால் சீசனிலேயே சும்மா நிற்கும். உள்ளூர் ஆக்களை மட்டும் நம்பித் தொழில் செய்பவருக்குத்தான் அது பொருந்தும்.

வாங்கும் நாளிலேயே இரண்டைப் பார்த்துவிடுங்கள். ஒன்று, காப்புறுதிப் பத்திரத்தில் வாடகைப் பாவனை என்று எழுதியிருக்க வேண்டும். தனியார் பாவனை என்று இருந்தால், வாடகைக்குப் போன நேரம் நடந்த விபத்துக்கு நட்டஈடு மறுக்கப்படலாம். மற்றது, விற்கும் விலை. 2020 முதல் நின்றிருந்த இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குத் திறந்துவிட்டது. தட்டுப்பாட்டுக் காலத்தில் பழைய காருக்கு இருந்த விலை அப்படியே நிற்கும் என்று வைத்துக் கணக்குப் போடக் கூடாது. நான் இப்போது ஒவ்வொரு காருக்கும் வருடத்துக்கு விலையில் பத்து வீதம் குறையும் என்று எழுதி வைத்து, அதைக் கழித்த பிறகும் மிஞ்சினால்தான் அட்வான்ஸ் கொடுக்கிறேன்.