சாப்பிட்டுவிட்டு வரலாமா, வெறும் வயிற்றில் வரணுமா? கர்ப்பகால சர்க்கரைப் பரிசோதனைகள் இரண்டும், தட்டில் செய்யும் மாற்றமும்

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் "சாப்பிட்டுட்டு வந்தாலும் பரவாயில்லம்மா" என்று சொல்லி, குளுக்கோஸ் தண்ணீரைக் கையில் கொடுத்துவிடுவார்கள். பல தனியார் மருத்துவமனைகளில் "ராத்திரி சாப்பிட்டதோட சரி, காலையில காபிகூட குடிக்காம வாங்க" என்பார்கள். இரண்டு இடத்திலும் கலக்குவது அதே 75 கிராம் குளுக்கோஸ்தான். ஆனால் இவை இரண்டும் வேறு வேறு பரிசோதனைகள். ஒன்றில் தெரிகிற கோளாறு மற்றொன்றில் தெரியாமல் போகலாம்.

முதலாவதற்கு டிப்சி முறை என்று பெயர். சென்னையின் டாக்டர் வி. சேஷய்யாவின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது. மத்திய அரசின் வழிகாட்டு நெறியும் இதைத்தான் சொல்கிறது. குளுக்கோஸை சுமார் 300 மில்லி தண்ணீரில் கலந்து 5 முதல் 10 நிமிடத்துக்குள் குடிக்க வேண்டும். 2 மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம் எடுப்பார்கள். 140 அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பகால சர்க்கரை. முதல் செக்கப்பிலேயே ஒரு தடவை. அதில் சரியாக இருந்தால் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி ஒரு தடவை. நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினின் வேலையை மந்தமாக்குவது அந்தச் சமயத்தில்தான் நன்றாகத் தெரியவரும் என்பதால் இந்த இரண்டாவது தடவையைத் தவறவிடக் கூடாது.

இரண்டாவது, வெறும் வயிற்று ஜி.டி.டி. இரவு முழுக்கச் சாப்பிடாமல் வந்து முதலில் ரத்தம், குளுக்கோஸ் குடித்து 1 மணி நேரத்தில் ரத்தம், 2 மணி நேரத்தில் மறுபடி ரத்தம். வரம்புகள் முறையே 92, 180, 153. மூன்றில் ஒன்று தொட்டாலே கர்ப்பகால சர்க்கரைதான். உலக சுகாதார நிறுவனம் 2013-ல் ஏற்றுக்கொண்டது இந்த வரம்புகளை. அமெரிக்காவில் பெரும்பாலும் நடக்கும் 50 கிராம், அப்புறம் 100 கிராம் என்கிற இரண்டு கட்ட முறை நம் ஊரில் பலருக்கு வாய்க்காது. அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

டிப்சியின் பலம் நடைமுறையில் இருக்கிறது. இரண்டு பஸ் மாறி வரும் பெண்ணைப் பட்டினியோடு வரச் சொன்னால் பாதிப் பேர் அடுத்த முறை வரவே மாட்டார்கள். வந்த அன்றே முடித்து அனுப்புவதுதான் அங்கே உருப்படியான வழி. ஆனால் இதே சென்னையின் நீரிழிவு ஆய்வாளர்கள் 2014-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு, வெறும் வயிற்றுச் சோதனை கண்டுபிடித்தவர்களில் பெரும்பாலோரை டிப்சி தவறவிட்டது என்று சொன்னது. டிப்சியை முன்வைப்பவர்கள் இதை ஒப்புக்கொள்வதில்லை. சர்ச்சை இன்னும் தீரவில்லை.

தவறுவது எங்கே என்று எண்களோடு பார்க்கலாம். உதாரணத்துக்கு இரண்டு பெண்கள், இருவருக்கும் 26 வாரம். முதல் பெண்ணுக்கு வெறும் வயிற்றில் 84, குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரத்தில் 158. இவரை எந்தச் சோதனையும் பிடித்துவிடும். இரண்டாவது பெண்ணுக்கு வெறும் வயிற்றில் 97, ஆனால் 2 மணி நேரத்தில் 134. ஜி.டி.டி. இவரை முதல் ரத்தத்திலேயே பிடிக்கும். டிப்சி வெறும் வயிற்று அளவைப் பார்ப்பதே இல்லை. போதாக்குறைக்கு, காலையில் சாப்பிட்டதில் இன்சுலின் ஏற்கனவே சுரந்து தயாராக இருக்கும். பின்னால் வரும் குளுக்கோஸ் சீக்கிரம் கரைந்துவிடும். "நார்மல்" என்று எழுதி அனுப்பிவிடுவார்கள்.

எந்த முறையானாலும் கெட்டுப்போக வழிகள் உண்டு. குடித்த அரை மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் அன்றைய சோதனை செல்லாது, வேறொரு நாள்தான். 2 மணி நேரமும் வராந்தாவில் நடந்துகொண்டிருந்தால் எண் குறைவாக வரும், உட்கார்ந்திருப்பதுதான் சரி. எடுத்த ரத்தம் லேபில் மணிக்கணக்கில் கிடந்தாலும் எண் இறங்கும், ஏனென்றால் குழாய்க்குள்ளேயே ரத்த அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டிருக்கும். 138, 139 என்று விளிம்பில் வரும் ரிப்போர்ட்டை நான் அப்படியே நம்ப மாட்டேன்.

சரி, இப்போது தட்டுக்கு வருவோம். முதல் பெண்ணின் கோளாறு சாப்பாட்டுக்குப் பின் வருவது, ஆகவே சாப்பாடு அங்கே நன்றாகப் பேசும். காலை நேரத்தில் இன்சுலின் மந்தம் அதிகம் என்பதால் முதலில் கைவைக்க வேண்டியது காலை உணவில். நான்கு இட்லி, சட்னி, சர்க்கரை போட்ட காபி என்பது கிட்டத்தட்ட முழுவதும் மாவுச்சத்து. அதையே இரண்டு இட்லி, கிண்ணம் நிறையக் காய் போட்ட சாம்பார், ஒரு முட்டை என்று மாற்றி, மீதி இரண்டு இட்லியின் பசியைப் பத்தரை மணிக்குக் கொண்டைக்கடலைச் சுண்டலுக்குத் தள்ளிவிடலாம். முதல் வாய் வைத்ததிலிருந்து 2 மணி நேரம் கழித்து மீட்டரில் 120-க்குக் கீழே வர வேண்டும். மூன்று நாள் ஒரு நோட்டில் "என்ன சாப்பிட்டேன், எவ்வளவு வந்தது" என்று எழுதினால் தன் உடம்புக்கு எது ஒத்துவருகிறது என்று யாரும் சொல்லாமலே தெரியும்.

இங்கே நம் ஊர் நம்பிக்கை ஒன்று இடிக்கும். "சர்க்கரையா? இட்லியை விட்டுட்டு கேழ்வரகுக் கஞ்சி குடி" என்று மாமியார் முதல் பக்கத்து வீட்டு அக்கா வரை சொல்வார்கள். நைசாக அரைத்த மாவைத் தண்ணீராகக் காய்ச்சிக் குடித்தால் மெல்லவும் வேலையில்லை, வயிற்றில் தங்கவும் செய்யாது; மீட்டரில் இட்லியைத் தாண்டிப் போனாலும் ஆச்சரியமில்லை. அதே கேழ்வரகில் முருங்கைக்கீரை சேர்த்து ஒரு அடை தட்டி, கூடவே தயிர் வைத்துக்கொண்டால் ஏற்றம் நிதானமாக இருக்கும். பயந்து சோற்றை அடியோடு நிறுத்துவதும் வேண்டாம். உடம்பு கொழுப்பைக் கரைத்துக் கீட்டோன் உண்டாக்கும், கர்ப்பத்தில் அது நல்லதல்ல. சோற்றைக் குறைத்து மூன்று வேளைக்கும் இடைத்தீனிகளுக்கும் பிரித்து வைப்பதுதான் வழி. சாப்பிட்ட பிறகு கால் மணி நேரம் மெதுவாக நடந்தாலும் எண்ணில் தெரியும், டாக்டர் நடக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தால் தவிர.

இரண்டாவது பெண்ணுக்கு இந்த வித்தையெல்லாம் பாதிதான் பலிக்கும். காலை எழுந்ததும் வரும் 97-க்கு அன்றைய இட்லி காரணமல்ல. இரவெல்லாம் கல்லீரல் ரத்தத்தில் இறக்கும் சர்க்கரையை இன்சுலினால் கட்டுப்படுத்த முடியவில்லை. இரவு உணவை நேரத்தோடு முடித்து, படுக்கும்முன் ஒரு டம்ளர் பால் என்று முயன்று பார்க்கலாம், சிலருக்குக் கொஞ்சம் இறங்கும். அரசு நெறியில் உணவு மாற்றத்துக்கு 2 வாரம் தருகிறார்கள். அதற்குப் பிறகும் அளவு இறங்காவிட்டால் மெட்ஃபார்மினோ இன்சுலினோ தேவைப்படும். "நான் வாயைக் கட்டலை போல" என்று அந்தப் பெண் தன்னையே திட்டிக்கொள்வதில் நியாயமே இல்லை.

என்னைக் கேட்டால், டிப்சிதான் கிடைக்கிறது என்றால் தயங்காமல் அதைச் செய்துகொள்ளலாம். வீட்டில் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ சர்க்கரை, முந்தைய குழந்தை நான்கு கிலோ, அல்லது பி.சி.ஓ.எஸ். இருந்தது என்றால் மட்டும், டிப்சி நார்மல் என்று வந்தாலும் ஒரு நாள் காலை வெறும் வயிற்றுச் சர்க்கரையைத் தனியாகப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரே ஒரு ஊசிக்குத்து, செலவும் பெரிதில்லை. கர்ப்பகால சர்க்கரை என்று உறுதியானவர்கள் பிரசவமாகி 6 வாரத்தில் மறுபடி 75 கிராம் குடிக்க வேண்டியிருக்கும். அந்தத் தடவை எந்த மருத்துவமனையானாலும் வெறும் வயிற்றில்தான் போக வேண்டும்.